விலை பேசிய நாளும் நெல் நிறுத்த நாளும்

மாமா எங்கள் முன்னால் வைத்தது உள்ளங்கை அளவு துண்டு ஒன்று. நெல் வாங்கிய ஹாஜியாரின் கடைக் கணக்கு. நீலப் பேனையால் எழுதியிருந்தது: 120 மூடை, மூடைக்கு 6,600, மொத்தம் 792,000, அட்வான்ஸ் 100,000 கழித்து மீதி 692,000.

"இதுல 144,000 குறையுது மகன். ஹாஜியாருக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க. நல்ல தமிழ்ல, கொஞ்சம் காரமா."

நாங்கள் மூன்று பேர். மூவரும் கலைப்பீடம். மாமா எங்களில் ஒருவருக்குத்தான் சொந்த மாமா, மற்ற இருவரும் கூப்பிட்டுப் பழகியவர்கள். கரைவாகு வட்டைக்குள் நான்கு ஏக்கர் செய்கிறார். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் எழுதுவது பெரிய வேலையா என்று அவர் நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அன்றிரவே இரண்டு பக்கம் எழுதினோம். சேறு, வெயில், யானை, உழைப்பவனின் வியர்வை எல்லாம் அதில் இருந்தது. காலையில் வாசித்துக் காட்டினோம். மாமா கடைசி வரை கேட்டார். பிறகு சொன்னார்: "நல்லாரிக்கு. ஆனா ஹாஜியார் இத வாசிச்சா அழுவார். காசு தரமாட்டார்."

அதற்குப் பிறகுதான் மாமாவிடம் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டோம். நீங்கள் இரண்டு பேரும் அப்படி என்னதான் பேசினீர்கள்?

பேசியது இதுதான். பெரும்போகத்துக்கு விதைத்து முடிந்த நேரம், நவம்பர் கடைசி. பசளைக்கும் எண்ணைக்கும் மாமாவிடம் காசு இல்லை. ஹாஜியார் 100,000 ரூபா கொடுத்தார். மாமா வெட்டுகிற நெல்லை வேறு யாருக்கும் கொடுக்காமல் ஹாஜியாருக்கே கொடுக்க வேண்டும். விலை, நெல் நிறுக்கிற அன்று சம்மாந்துறை மில்களில் போகிற விலை. முன்காசு கொடுத்ததற்காக அதில் மூடைக்கு 100 ரூபா குறைவு. மூடை என்றால் 66 கிலோ. எழுத்தில் எதுவும் இல்லை. ஹாஜியார் தன் டயறியில் ஏதோ குறித்ததை மாமா கண்டார், என்ன குறித்தார் என்று பார்க்கவில்லை.

காசு கைமாறிய அன்று ஒரு மூடை 6,700 போனது. பெப்ரவரியில் மெசினால் வெட்டி, வயல் கரையிலேயே நிறுத்து லொறியில் ஏற்றிய அன்று 7,900. ஹாஜியார் 6,700 இலிருந்து 100 கழித்துக் கணக்குப் போட்டிருந்தார். மாமாவின் கணக்கில் 7,900 இலிருந்து 100 கழிய வேண்டும். மூடைக்கு 1,200 வித்தியாசம், 120 மூடைக்கு 144,000. மாமாவுக்கு அது வெட்டு மெசின் கூலியும் வரம்பு கட்டின கூலியும் அடுத்த போகத்து விதை நெல்லும்.

இந்தக் கதையைக் கேட்ட எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, விலை ஏறினால் விவசாயிக்குத்தானே சந்தோசம், அவர் ஏன் பழைய பேச்சை நிறைவேற்றச் சொல்லிக் கடிதம் போட வேண்டும் என்று கேட்டாள். கேள்வி சரிதான். பதில், விலையைப் பேசிய விதத்தில் இருக்கிறது.

வெட்டுக்கு முன்பே விலை பேசுவது இரண்டு விதம். ஒன்று, தொகையையே பேசுவது. மூடை 6,700, ஏறினாலும் இறங்கினாலும் அதுதான். இதில் சந்தை ஏறினால் நழுவப் பார்ப்பவர் விவசாயி. கூடக் கொடுக்கிறவனின் லொறி ராத்திரியில் வந்து நிற்கும். மற்றது, தொகையைப் பேசாமல் தொகையைக் கண்டுபிடிக்கும் வழியைப் பேசுவது. இந்த நாளில், இந்த இடத்தில் போகிற விலை. இதில் சந்தை ஏறினால் நழுவப் பார்ப்பவர் வாங்குபவர். ஏனென்றால் விதைப்பு நேரம் அவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பார், சந்தை அந்தக் கணக்கைத் தாண்டிப் போய்விடும். மாமா பேசியது இரண்டாவது விதம். ஹாஜியார் காசு கொடுத்தது முதலாவது விதத்துக்கு. சண்டை விலையைப் பற்றியதே அல்ல, எந்த நாள் என்பதைப் பற்றியது.

இதே மாதிரி ஒரு வழக்கு இந்தியாவில் நடந்து பெரிதாகப் பேசப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் அப்போதைய ஹோசங்காபாத் மாவட்டத்தில் பிபரியா என்று ஒரு பகுதி. அங்குள்ள சில விவசாயிகள் 2020 ஜூன் மாதத்தில் ஃபோர்ச்சூன் ரைஸ் என்ற டெல்லிக் கம்பனியோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்தார்கள். அந்த ஒப்பந்தத்திலும் தொகை இல்லை, வழிதான் இருந்தது. சந்தையில் போகிற ஆக உயர்ந்த விலைக்குக் கம்பனி நெல்லை வாங்க வேண்டும். தொடக்கத்தில் வாங்கியது. விலை குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, 3,000 இந்திய ரூபாவைத் தொட்டதும் டிசம்பர் 9 ஆம் திகதி கொள்வனவை நிறுத்தியது. ஆட்களின் ஃபோன்களும் நின்றுபோயின. அடுத்த நாள் விவசாயிகள் உப மாவட்ட அதிகாரியிடம் முறைப்பாடு செய்தார்கள். அவர் கம்பனியைக் கூப்பிட்டு ஒரு இணக்கக் குழுவை அமைத்தார். கடைசியில் 2,950 ரூபாவும் போனஸ் 50 ரூபாவுமாக 3,000 ரூபாவுக்கே வாங்கக் கம்பனி ஒத்துக்கொண்டது. 24 மணித்தியாலத்தில் நீதி என்று இந்திய அரசாங்கம் அதை விளம்பரப்படுத்தியது.

விளம்பரத்துக்குக் காரணம் இருந்தது. அந்த அதிகாரி பயன்படுத்தியது புதிய மூன்று விவசாயச் சட்டங்களில் ஒன்றை. அதே கிழமைகளில் அந்தச் சட்டங்களை எதிர்த்து லட்சக்கணக்கான விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்திருந்தார்கள். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சட்டங்களை இடைநிறுத்தியது, நவம்பரில் நாடாளுமன்றம் அவற்றை நீக்கியது. அரசியலைத் தள்ளி வைத்துப் பார்த்தால், பிபரியா விவசாயிகளிடம் இருந்து எங்கள் மாமாவிடம் இல்லாதது ஒரு கடதாசி. எந்த நாள், எந்த விலை என்று எழுதிய கடதாசி. அது இருந்ததால் அதிகாரி வாசித்துப் பார்க்க ஒன்று இருந்தது. எங்கள் கடிதம் என்ன செய்ய வேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. இல்லாமல் போன அந்தக் கடதாசியின் வேலையைப் பிந்தியாவது அது செய்ய வேண்டும்.

இரண்டாவது வரைவில் வியர்வையை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக அரசாங்க விலையைப் போட்டோம். 2025 பெப்ரவரி 5 ஆம் திகதி அரசாங்கம் நாட்டு நெல் கிலோ 120, சம்பா 125, கீரிச் சம்பா 132 என்று அறிவித்தது. 66 கிலோவை 120 ஆல் பெருக்கினால் 7,920. மாமா கேட்பதற்குக் கிட்டத்தட்ட சமன். இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா என்று நினைத்தோம்.

சட்டம் படிக்கிற ராத்தா ஒருவரிடம் காட்டினோம். அவர் அந்தப் பந்தியை அப்படியே வெட்டினார். "உங்கட மாமா பேசினது அரசாங்க விலையா, மில் விலையா?" மில் விலை. "அப்ப இத ஏன் இழுக்கிறீங்க? அரசாங்க விலை 14 வீதம் ஈரப்பதன் இருக்கிற காய்ஞ்ச நெல்லுக்கு. உங்கட நெல் மெசினால வந்த ஈர நெல். நீங்க அத எழுதினா, ஹாஜியார் ஈரத்தப் பிடிச்சிக் கொண்டு வருவார். பேசாத ஒண்ட நீங்களே மேசையில வைக்கிறீங்க."

அவர் சொன்ன இன்னும் இரண்டு விசயங்கள் எங்களைக் கொஞ்சம் ஆறுதலாக்கின, கொஞ்சம் பயமும் காட்டின.

ஆறுதல் இது. இலங்கையில் பொருள் விற்பனைக்கு 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒன்று இருக்கிறது. பொதுவாக, யாருக்கு எதிராக வழக்கு வருகிறதோ அவரோ அவருடைய முகவரோ கையெழுத்து வைத்த ஒரு எழுத்து இல்லாவிட்டால் விற்பனை ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது என்று அது சொல்கிறது. ஆனால் வாங்குபவர் பொருளில் ஒரு பகுதியையாவது ஏற்று எடுத்திருந்தால், அல்லது விலையில் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தால், எழுத்து இல்லை என்பது தடையல்ல. ஹாஜியார் அட்வான்ஸும் கொடுத்திருக்கிறார், 120 மூடையையும் எடுத்திருக்கிறார். அதோடு, விலையைத் தொகையாகச் சொல்லாமல் கண்டுபிடிக்கும் வழியாகப் பேசுவதையும் அந்தச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே 'எழுத்து எங்க?' என்ற கேள்வியோடு மாமாவின் கதை முடிந்துவிடாது. ஆனால் என்ன பேசப்பட்டது என்பதை மாமாதான் காட்ட வேண்டும்.

பயம் இது. விற்றுக் கொடுத்த பொருளின் காசைக் கேட்டு வழக்குப் போட ஒரு வருடம்தான் இருக்கிறது. ஹாஜியார் "தாறன், தாறன்" என்று வாயால் இழுத்துக்கொண்டு போனால் அந்த வருடம் ஓடிவிடும். நாங்கள் எத்தனை கடிதம் போட்டாலும் அது நிற்காது. கடன்பட்டவர் தானே எழுத்தில் ஒத்துக்கொண்டால் கணக்கு புதிதாகத் தொடங்கும். "கடிதத்தால காசு வாங்கப் பார்க்காதீங்க. முதல்ல அவர்ர கையெழுத்த வாங்கப் பாருங்க" என்றார் ராத்தா.

மில் விலையைக் காட்டுவது நாங்கள் நினைத்ததைவிட லேசாக இருந்தது. மாமாவின் பக்கத்து வரம்புக்காரர் மூன்று பேர் அதே நாளில், அதே வெள்ளை நாட்டு நெல்லை, அதே மாதிரி மெசினால் வெட்டிய கையோடு சம்மாந்துறையில் போட்டிருந்தார்கள். துண்டுகளைக் கேட்டு வாங்கினோம். இரண்டில் 7,900. ஒன்றில் 7,850.

அந்த மூன்றாவது துண்டை என்ன செய்வது? எங்களில் ஒருவர் அதை வைக்க வேண்டாம் என்றார். இரண்டு துண்டே போதும், யாருக்குத் தெரியப்போகிறது? மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த ஆளும் ஹாஜியார்ர கடையிலதான் சாமான் எடுக்கிற. நாளைக்கி கதையோட கதையா சொல்லிருவான். மூணையும் வைங்க."

இதற்குள் பள்ளிவாசலடியில் ஒரு மௌலவியிடமும் கதை போயிருந்தது. அவர் கேட்டுவிட்டு மாமாவுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னார். வெட்டுக்கு முன்பே நெல் வாங்குவதற்கு மார்க்கத்தில் சலம் என்று ஒரு முறை இருக்கிறது. அதில் அளவும், தவணையும், விலையும் அன்றே தெரிந்திருக்க வேண்டும், காசு முழுதும் அன்றே கை மாற வேண்டும். நீங்கள் செய்தது அதுவல்ல. நீங்கள் எடுத்தது கடன். கடன் கொடுத்தவர் அதற்காக மூடைக்கு 100 ரூபா குறைத்து எடுப்பது வட்டியின் பக்கம் போகிற காரியம்.

எங்களுக்கு உடனே ஆசை வந்தது. 120 மூடைக்கு 100 ரூபா என்றால் 12,000. ஹஜ் செய்த மனிதருக்கு வட்டி என்ற சொல்லை எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கும்! கடிதத்தில் காரம் வேண்டும் என்று மாமாவும் கேட்டிருந்தாரே.

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த நூறுக்கு நான் ஓம் எண்டு சொன்னன். பாவமெண்டா ரெண்டு பேருக்கும் பாவம், அடுத்த முறை அப்படிச் செய்யாம விடுவம். இந்த முறை பேசினதுல எனக்குப் பிடிச்ச பாதிய மட்டும் பேச்செண்டு சொல்லேலா" என்றார்.

இந்த இடத்தில்தான் நாங்கள் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டோம். விலை இறங்கியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் மாமா? வெட்டுக்குள் 5,500 ஆகியிருந்தால் 5,400 ஐ வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருப்பீர்களா?

"வந்திருப்பன்" என்றார். ஆனால் முகம் மாறியது. பிறகு எங்களுக்குத் தெரியாத ஒரு கதையைச் சொன்னார்.

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு சிறுபோகம். இதே ஹாஜியார். அந்த முறை பேசியது தொகை, எத்தனை மூடை வந்தாலும் ஒரே விலை. வெட்டுக்குள் சந்தை ஏறிவிட்டது. வெளியூர் லொறி ஒன்று மூடைக்கு 400 கூடத் தருவதாக வந்து நின்றது. மாமா 40 மூடையை அதில் ஏற்றிவிட்டு, மழைக்குள் பட்டு விளைச்சல் குறைந்துவிட்டது என்று ஹாஜியாரிடம் சொன்னார். ஹாஜியார் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கரைவாகில் எத்தனை மூடை ஏறியது என்று தெரியாமல் ஒரு லொறியும் போவதில்லை.

அறையில் யாரும் பேசவில்லை. 40 மூடைக்கு 400 என்றால் 16,000. தொகை சின்னது. ஆனால் இன்று ஹாஜியார் செய்வதைத்தான் மாமா அன்று செய்திருக்கிறார். பேசியபோது நல்லதாக இருந்த பேச்சு, சந்தை ஏறியதும் நட்டமாகத் தெரிந்தது. எங்கள் முதல் வரைவில் இருந்த நல்ல விவசாயியும் கெட்ட முதலாளியும் அந்த இடத்தில் காணாமல் போனார்கள்.

இதை எழுதுவதா, விடுவதா? எங்களுக்குள் இரண்டு பக்கமாகப் பிரிந்தோம். எழுதினால் நாமே பலவீனத்தைக் காட்டுகிறோம் என்று ஒரு பக்கம். எழுதாவிட்டால் கடிதம் முழுதும் ஒரு பொய்யின் மேல் நிற்கும் என்று மறுபக்கம். முடித்து வைத்தது மாமாதான். "எழுதுங்க. எழுதாட்டி அவர் முதல்ல அதத்தான் கேப்பார். கேட்டா எனக்கு வாயில்ல. நானே சொன்னா வாயிரிக்கு."

கடைசியில் போன கடிதம் ஒரு பக்கம்தான். பெயர்களையும் திகதிகளையும் எடுத்துவிட்டுக் கீழே தருகிறோம்.

"மதிப்புக்குரிய ஹாஜியார் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நவம்பர் மாதக் கடைசியில் உங்கள் கடையில் வைத்து நீங்கள் எனக்கு 100,000 ரூபா அட்வான்ஸ் தந்தீர்கள். பெரும்போக நெல்லை உங்களுக்கே தருவதாக நான் சொன்னேன். நெல் நிறுக்கும் நாளில் சம்மாந்துறை மில்களில் போகும் விலையில் மூடைக்கு 100 ரூபா குறைத்து எடுப்பதாக நாம் பேசிக்கொண்டோம். அன்று நீங்கள் டயறியில் குறித்துக்கொண்டீர்கள்.

பெப்ரவரியில் 66 கிலோ கொண்ட 120 மூடைகளை உங்கள் ஆட்கள் என் வயலில் நிறுத்து ஏற்றினார்கள். நிறுவைத் துண்டின் பிரதி இத்துடன் உள்ளது. ஈரம் பற்றியோ கழிவு பற்றியோ அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று அதே வகை நெல்லுக்கு சம்மாந்துறையில் கொடுத்த விலைக்கு மூன்று துண்டுகளின் பிரதிகளை வைத்திருக்கிறேன். இரண்டில் 7,900, ஒன்றில் 7,850. நான் கேட்பது 7,900 இலிருந்து 100 கழித்து 7,800. மொத்தம் 936,000. அட்வான்ஸ் 100,000 உம் நீங்கள் தந்த 692,000 உம் போக 144,000 ரூபா பாக்கி.

விலை கூடியதால் நான் கூடக் கேட்கவில்லை. விலை குறைந்திருந்தால் அந்தக் குறைந்த விலையை எடுப்பதற்கும் நான் கட்டுப்பட்டே இருந்தேன்.

நான்கு வருடத்துக்கு முன் சிறுபோகத்தில் உங்களோடு பேசிய நெல்லில் 40 மூடையை நான் வேறு இடத்துக்குக் கொடுத்தேன். விளைச்சல் குறைந்ததாக உங்களுக்குச் சொன்னது சரியல்ல. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். அந்த 16,000 ரூபாவை இந்தப் பாக்கியில் கழிக்க விரும்பினால் கழியுங்கள், எனக்குச் சம்மதம்.

இந்தக் கணக்கில் பிழை இருந்தால் எந்த வரியில் பிழை என்று சொல்லுங்கள். சரியென்றால் இரண்டு கிழமைக்குள் பாக்கியைத் தரும்படியும், உடனே முடியாவிட்டால் எப்போது தருவீர்கள் என்று இதன் பிரதியில் எழுதிக் கையெழுத்து வைக்கும்படியும் கேட்கிறேன். நமக்குள் முடியாவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போக எனக்கு விருப்பம், அதற்கு மேல் போக விருப்பமில்லை."

'எந்த வரியில் பிழை' என்ற இடம் ராத்தா சேர்த்தது. முழுக் கடிதத்தையும் ஒரேயடியாக மறுப்பது லேசு. இந்த வரி பிழை என்று சொல்ல வந்தால் மற்ற வரிகளை ஒத்துக்கொள்ள வேண்டி வரும்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு மாமா கையிலேயே கொண்டு போனார். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் போடுவது என்று முடிவு. ஹாஜியார் மறுக்கவில்லை. வாசித்துவிட்டு மடித்து சட்டைப் பைக்குள் வைத்தார். ஒன்பது நாள் ஒரு சத்தமும் இல்லை. பத்தாம் நாள் அஸருக்குப் பிறகு மாமாவைக் கூப்பிட்டனுப்பினார். நாங்களும் பின்னால் போய்க் கடைக்கு வெளியே நின்றோம்.

உள்ளே சத்தம் கேட்டது, ஆனால் சண்டைச் சத்தம் இல்லை. ஹாஜியாரின் பக்கத்தையும் அன்றுதான் கேட்டோம். அவர் அந்த நெல்லை 7,900 விலைக்கு விற்கவில்லை. நவம்பரிலேயே ஒரு மில்காரருக்கு இத்தனை மூடை இந்த விலைக்குத் தருவதாக ஒரு தொகையைப் பேசி வைத்திருந்தார். மாமாவிடம் வழியைப் பேசி வாங்கி, மில்லுக்குத் தொகையைப் பேசி விற்றதில் அவர் இடையில் மாட்டிக்கொண்டார். அவர் செய்ததை அது சரியாக்காது. ஆனால் அவர் ஏன் 6,700 ஐப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பது விளங்கியது. அந்த நட்டத்தை எங்காவது ஒரு இடத்தில் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. எழுத்தில்லாத ஆள் மாமாதான்.

டயறியையும் அவரே எடுத்துக் காட்டினார். அதில் மாமாவின் பெயருக்கு நேரே '1 லட்சம், வெட்டு விலை, 100 கு.' என்று இருந்தது. அதைப் பார்த்த பிறகு இரண்டு பேருக்கும் பேச அதிகம் இருக்கவில்லை.

7,850 ஐ எடுப்போம் என்றார் ஹாஜியார், அந்தத் துண்டும் நீ தந்ததுதானே என்றார். மாமா ஒத்துக்கொண்டார். மூடைக்கு 1,150, மொத்தம் 138,000. பழைய 16,000 ஐப் பற்றி மாமா திரும்பவும் கேட்டார். "அது போனது போகட்டும். நீ சொன்னியே, அது போதும்" என்றாராம் ஹாஜியார். அன்று 100,000 கையில் கொடுத்தார். எங்கள் பிரதியின் அடியில் 'பாக்கி 38,000, சிறுபோக வெட்டுக்கு முன் தருவேன்' என்று எழுதிக் கையெழுத்தும் திகதியும் போட்டார்.

வெளியே வந்த மாமா காசை எண்ணவில்லை. கடதாசியை எங்களிடம் நீட்டி, எழுத்து விளங்குதா என்று கேட்டார். விளங்கியது.

இதை எழுதுகிற நேரம் அந்த 38,000 இன்னும் வரவில்லை. சிறுபோகத்துக்கு விதைத்தாயிற்று, வெட்டுக்கு நாள் இருக்கிறது. அதற்கிடையில் மாமா இன்னொரு வேலை தந்திருக்கிறார். இந்த முறை அட்வான்ஸ் வாங்க முன்பே ஒரு தாள் வேண்டுமாம், இரண்டு பேரும் கையெழுத்து வைக்க. எந்த நாள் விலை, எந்த ஊர் மில், எந்த வகை நெல், ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, எத்தனை நாளில் காசு. இந்த ஐந்தும் போதும், ஆறாவதாக மூடைக்கு 100 ரூபா கதை வேண்டாம் என்றார்.

நாங்கள் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினோம். வாசித்துவிட்டு மாமா பேனையை வாங்கி, முதலாவது வரிக்குப் பக்கத்தில் தன் கையாலேயே சேர்த்தார்: 'ஏறினாலும் இறங்கினாலும்.'